பெண்களின் கோடு வேகமாக ஏறியும் இடைவெளி ஏன் விரிந்தது?

இந்தியாவின் எழுத்தறிவு வளர்ச்சியைக் காட்டும் கோட்டு வரைபடத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். பாடநூல்களில் வரும், போட்டித் தேர்வுகளில் வரும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிய செய்திகளிலும் வரும். அடியில் இடமிருந்து வலமாக 1951 முதல் 2011 வரை பத்துப் பத்து ஆண்டுகள். இடப்பக்கம் கீழிருந்து மேலாக 0 முதல் 100 வரை சதவீதம். உள்ளே இரண்டு கோடுகள். மேலே இருப்பது ஆண்களுடையது, கீழே இருப்பது பெண்களுடையது.

அந்த 60 ஆண்டுகளில் பெண்களின் எழுத்தறிவு 7 மடங்குக்கு மேல் பெருகியது. ஆண்களுடையது ஏறத்தாழ 3 மடங்கானது. இதைக் கேட்டதும், இரண்டு கோடுகளும் வெகுவாக நெருங்கியிருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் 1951இல் 18.30 ஆக இருந்த இடைவெளி 2011இல் 16.25 ஆக இருந்தது. 60 ஆண்டுகளில் குறைந்தது சுமார் 2 மட்டுமே. இடையில் அது 26ஐயும் தாண்டி விரிந்தது.

7 மடங்கு வளர்ச்சி என்பதும் உண்மை, இடைவெளி 2தான் குறைந்தது என்பதும் உண்மை. இவை இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாக இருக்க முடியும் என்று புரிந்துவிட்டால், இரட்டைக் கோட்டு வரைபடம் எதையும் தடுமாறாமல் படிக்கலாம்.

எண்கள் இவை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தரும் எழுத்தறிவு சதவீதங்கள்:

| ஆண்டு | ஆண்கள் | பெண்கள் | இடைவெளி |
|---|---|---|---|
| 1951 | 27.16 | 8.86 | 18.30 |
| 1961 | 40.40 | 15.35 | 25.05 |
| 1971 | 45.96 | 21.97 | 23.99 |
| 1981 | 56.38 | 29.76 | 26.62 |
| 1991 | 64.13 | 39.29 | 24.84 |
| 2001 | 75.26 | 53.67 | 21.59 |
| 2011 | 80.89 | 64.64 | 16.25 |

இடைவெளி என்பது எளிய கழித்தல். ஒரே ஆண்டில் மேல்கோட்டின் மதிப்பிலிருந்து கீழ்க்கோட்டின் மதிப்பைக் கழிக்க வேண்டும். விடையைச் 'சதவீதம்' என்று சொல்லாமல் 'சதவீதப் புள்ளி' என்று சொல்வதே சரி. 1951இல் இடைவெளி 18.3 சதவீதப் புள்ளி. அதையே '18 சதவீதம் குறைவு' என்று எழுதினால் பொருள் மாறிவிடும். 27.16ஐ விட 18 சதவீதம் குறைவு என்றால் ஏறக்குறைய 22 வரும். பெண்களின் நிலையோ 9ஐக்கூடத் தொடவில்லை.

வளர்ச்சி வீதம் வேறு கணக்கு. அது ஒரே கோட்டின் மேல் இரண்டு ஆண்டுகளை ஒப்பிடுவது. புதிய மதிப்பிலிருந்து பழைய மதிப்பைக் கழித்து, வந்ததைப் பழைய மதிப்பால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். 1951 முதல் 1961 வரை பெண்களின் எழுத்தறிவு 8.86இலிருந்து 15.35க்கு வந்தது. கூடியது 6.49 புள்ளி. அதை 8.86ஆல் வகுத்தால் 73 சதவீத வளர்ச்சி. ஆண்களுக்குக் கூடியது 13.24 புள்ளி. அதை 27.16ஆல் வகுத்தால் 49 சதவீத வளர்ச்சி.

சுருக்கமாகச் சொன்னால், இடைவெளியை வரைபடத்தில் மேலும் கீழுமாகப் படிக்கிறோம், வளர்ச்சி வீதத்தை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். ஒரு கேள்விக்குரிய விடையை இன்னொரு கேள்விக்குச் சொல்லும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

எந்த இடத்தில் தொடங்கினோம் என்பதே விடை

ஆறு பத்தாண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டால், எல்லாவற்றிலும் பெண்களின் வளர்ச்சி வீதமே அதிகம். ஒரு பத்தாண்டுகூட விதிவிலக்கில்லை. ஆனால் அந்த ஆறில் இரண்டில், 1951–61இலும் 1971–81இலும், இடைவெளி விரிந்தது.

வளர்ச்சி வீதம் அவரவர் தொடங்கிய அளவை வைத்துக் கணக்கிடப்படுவதே இதற்குக் காரணம். மாதம் 10,000 ரூபாய் சம்பளம் வாங்குபவருக்கு 20 சதவீத உயர்வும், 50,000 வாங்குபவருக்கு 10 சதவீத உயர்வும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு வளர்ச்சி வீதம் இரண்டு மடங்கு. கைக்கு வருவதோ 2,000 ரூபாய்தான். இரண்டாமவருக்கு 5,000 வரும். 40,000 ஆக இருந்த இடைவெளி 43,000 ஆகிவிடும்.

எழுத்தறிவுக் கோடுகளில் நடந்ததும் இதேதான். 1951இல் ஆண்களின் சதவீதம் பெண்களுடையதைப் போல 3 மடங்குக்குச் சற்று அதிகம். அந்த நிலையில் இடைவெளி விரியாமல் இருக்க வேண்டுமானால், பெண்களின் வளர்ச்சி வீதமும் ஆண்களுடையதைப் போல 3 மடங்குக்கு மேல் இருந்திருக்க வேண்டும். ஆண்கள் 13.24 புள்ளி ஏறினார்கள். பெண்களும் அதே 13.24 ஏற, 8.86 என்ற அடித்தளத்திலிருந்து 149 சதவீதம் வளர்ந்திருக்க வேண்டும். வளர்ந்தது 73 சதவீதம். வேகம் இருந்தது, ஆனால் தேவைப்பட்ட வேகத்தில் பாதிதான்.

இதிலிருந்து எந்த வரைபடத்துக்கும் பொருந்தும் ஒரு கணக்கு கிடைக்கிறது. மேல்கோடு ஏறிய புள்ளிகளைக் கீழ்க்கோட்டின் தொடக்க மதிப்பால் வகுத்துப் பாருங்கள். அதுதான் இடைவெளி அப்படியே நிற்பதற்குத் தேவையான வளர்ச்சி வீதம். கீழ்க்கோடு அதைத் தாண்டினால் இடைவெளி சுருங்கும், எட்டாவிட்டால் விரியும்.

2001–2011க்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். ஆண்கள் 5.63 புள்ளி ஏறினார்கள். அதைப் பெண்களின் தொடக்க மதிப்பான 53.67ஆல் வகுத்தால் 10.5 சதவீதம். பெண்கள் வளர்ந்தது 20.4 சதவீதம். தேவையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இடைவெளி 21.59இலிருந்து 16.25க்கு இறங்கியது. அட்டவணையில் எந்தப் பத்தாண்டிலும் இவ்வளவு சுருக்கம் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1951–61இல் பெண்களின் வளர்ச்சி வீதம் 73 சதவீதம், 2001–11இல் 20 சதவீதம். வீதத்தை மட்டும் பார்த்தால் முதல் பத்தாண்டுதான் பெண் கல்வியின் பொற்காலம் என்று தோன்றும். ஆனால் முதல் பத்தாண்டில் நூறு பெண்களில் எழுத்தறிந்தவர்கள் சுமார் 6 பேர் கூடினார்கள், கடைசிப் பத்தாண்டில் 11 பேர் கூடினார்கள். சிறிய அடித்தளத்திலிருந்து வரும் பெரிய வீதத்தை, கூடிய புள்ளிகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. பத்தாண்டில் 73 சதவீதம் என்றதும், ஆண்டுக்கு 7.3 சதவீதம் என்று பத்தால் வகுத்து எழுதிவிடுகிறார்கள். வளர்ச்சி கூட்டுவட்டி போலச் சேர்வதால் அது தவறு. ஆண்டுக்கு 7.3 வீதம் வளர்ந்திருந்தால் 8.86 பத்தாண்டில் சுமார் 17.9 ஆகியிருக்கும். ஆனதோ 15.35. சரியான ஆண்டு வீதம் சுமார் 5.6 சதவீதம்.

கண் செய்யும் பிழை

எண்கள் கையில் இல்லாமல் கோடுகளை மட்டும் பார்த்து இடைவெளியைச் சொல்லும்போது நம் கண்ணே நம்மை ஏமாற்றும். இந்தச் சிக்கல் கோட்டு வரைபடத்தோடேயே பிறந்தது. 1786இல் வில்லியம் ப்ளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலாந்தின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் இரண்டு கோடுகளாக வரைந்து நூலாக வெளியிட்டார். கோடுகளுக்கு இடையே உள்ள பரப்பு வணிகத்தின் உபரியையோ பற்றாக்குறையையோ காட்டியது.

ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பிறகு, 1984இல், அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கிலும் ப்ளேஃபேரின் கிழக்கிந்திய வணிக வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார்கள். 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு கோடுகளும் செங்குத்தாக ஏறுகின்றன. அங்கே இடைவெளி திடீரென்று பெருகிச் சுருங்குகிறது. ஆனால் வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்கு அது தெரிவதே இல்லை. கழித்து வந்த விடையைத் தனிக்கோடாக வரைந்தால்தான் மேடு கண்ணில் படுகிறது.

காரணம் இதுதான். இடைவெளி என்பது ஒரே ஆண்டில், நேர் மேலும் கீழுமாக உள்ள தூரம். கண்ணோ இரண்டு கோடுகளுக்கும் இடையே மிகக் குறுகிய தூரத்தை, அதாவது சாய்வான தூரத்தை, அளக்கிறது. கோடுகள் கிடையாக ஓடும் இடத்தில் இரண்டும் ஒன்றுதான். செங்குத்தாக ஏறும் இடத்தில் சாய்வான தூரம் சிறுத்துவிடும். கோடுகள் நெருங்கியிருப்பதாகத் தோன்றும், உண்மையில் நெருங்கியிருக்காது.

தடுக்கும் வழி எளிது. ஓர் அளவுகோலை, அல்லது தாளின் ஓரத்தை, ஆண்டுக் குறியின் மேல் செங்குத்தாக வைத்து, இரண்டு கோடுகளையும் அது வெட்டும் இடங்களை மட்டும் படியுங்கள். முக்கியமான ஆண்டுகளுக்கு இப்படிப் படித்துக் கழித்து, இடைவெளியைத் தனி வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். மேலே அட்டவணையின் கடைசிப் பத்தி அப்படி வந்ததுதான்.

இடப்பக்க அளவு எங்கே தொடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2001, 2011 ஆகிய இரண்டை மட்டும் காட்ட நினைக்கும் ஒருவர் அளவை 50இலிருந்து தொடங்கலாம். அப்போது 2001இல் பெண்களின் கோடு அடியிலிருந்து 3.67 உயரத்திலும் ஆண்களின் கோடு 25.26 உயரத்திலும் நிற்கும். பார்ப்பவருக்கு ஆண்கள் 7 மடங்கு முன்னே இருப்பதாகத் தோன்றும். உண்மையில் 1.4 மடங்குதான். கழித்து வரும் இடைவெளி மாறவில்லை, மடங்கு பற்றிய தோற்றம்தான் பொய்யாகிவிட்டது. இரண்டு கோடுகளுக்கும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வெவ்வேறு அளவுகள் இருந்தால், அந்த வரைபடத்தில் இடைவெளிக்கு அர்த்தமே கிடையாது. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கும் அர்த்தம் கிடையாது.

மடங்கு என்ற மூன்றாவது அளவு

கழிப்பதற்குப் பதிலாக வகுத்துப் பார்க்கலாம். ஆண்களின் சதவீதம் பெண்களுடையதைப் போல எத்தனை மடங்கு? 1951இல் 3.07. பிறகு 2.63, 2.09, 1.89, 1.63, 1.40 என்று இறங்கி 2011இல் 1.25. ஒரு பத்தாண்டில்கூட இது ஏறவில்லை. பெண்களின் வளர்ச்சி வீதம் எப்போதும் அதிகமாக இருந்தது என்பதன் மறுபக்கம் இது. வீதம் அதிகமாக இருந்தால் மடங்கு குறைந்தே தீரும். கழித்து வரும் இடைவெளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆனால் மடங்கை மட்டும் நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. இதே எண்களை எழுத்தறியாதவர்கள் என்ற பக்கத்திலிருந்து பாருங்கள். 1951இல் ஆண்களில் எழுத்தறியாதவர்கள் 72.84 சதவீதம், பெண்களில் 91.14. பெண்களின் நிலை ஆண்களைப் போல 1.25 மடங்கு. 2011இல் ஆண்களில் 19.11, பெண்களில் 35.36. இப்போது 1.85 மடங்கு. எழுத்தறிவில் மடங்கு சுருங்கிய அதே காலத்தில், எழுத்தறியாமையில் மடங்கு விரிந்திருக்கிறது. ஒரு எண்ணையும் மாற்றவில்லை, 100இலிருந்து கழித்தது மட்டும்தான்.

இரண்டு கூற்றுகளும் உண்மையே. எழுத்தறிந்தவர்கள் கூட்டத்தில் பெண்கள் ஆண்களை நெருங்கிவிட்டார்கள். எழுத்தறியாமல் எஞ்சியவர்கள் கூட்டத்திலோ பெண்களே மேலும் மேலும் மிகுந்து நிற்கிறார்கள். எழுத்தறிவுத் திட்டம் வகுப்பவருக்கு இரண்டாவது செய்தி மிக முக்கியம். எஞ்சிய வேலை யாரிடம் இருக்கிறது என்று அதுதான் சொல்கிறது. எப்படித் திருப்பினாலும் மாறாமல் நிற்பது கழித்து வரும் இடைவெளி ஒன்றே. 2011க்கு எந்தப் பக்கம் இருந்து கழித்தாலும் 16.25தான். அதனால் முதலில் இடைவெளியைப் புள்ளிகளில் சொல்லி, பிறகு மடங்கைச் சொல்லும்போது எந்தப் பக்கத்து மடங்கு என்று குறிப்பிடுவதே நேர்மை.

கோடு சொல்லாதவை

1971க்கும் 1981க்கும் இடையே கோட்டை நேராக இழுத்துவிடுகிறோம். ஆனால் அங்கே அளவுகோலே மாறியிருக்கிறது. 1951, 1961, 1971 எண்கள் 5 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரியவை. 1981 முதல் உள்ளவை 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரியவை. எழுதப் படிக்கப் பெரும்பாலும் தெரியாத 5, 6 வயதுக் குழந்தைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் இரண்டு கோடுகளும் சற்று உயரும். இரண்டும் ஒரே விகிதத்தில் உயர்ந்தால் இடைவெளியும் அதே விகிதத்தில் நீளும். அந்த உயர்வு நூற்றுக்கு 5 என்று வைத்தால், 24 புள்ளி இடைவெளி எவரும் முன்னேறாமலே 25.2 ஆகிவிடும். எனவே 1981இன் 26.62 என்ற உச்சத்தில் ஒரு பங்கு வரையறை மாற்றத்தால் வந்தது. மேலும் 1981இல் அசாமிலும் 1991இல் ஜம்மு காஷ்மீரிலும் கணக்கெடுப்பு நடக்கவில்லை. கோட்டில் திடீர்த் திருப்பம் தெரிந்தால், நாடு மாறியதா, அளக்கும் முறை மாறியதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கோட்டை எதிர்காலத்துக்கு நீட்டுவதும் அப்படித்தான். 2001–11இல் இடைவெளி 5.34 புள்ளி குறைந்தது. அதே வேகத்தில் போனால் 2041 வாக்கில் இடைவெளி மறையும் என்று அளவுகோலை வைத்து இழுத்துவிடலாம். ஆனால் இந்தக் கோடு குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கையை அளப்பதில்லை, எல்லா வயதினரையும் சேர்த்து அளக்கிறது. 2011இல் 60 வயதைத் தாண்டிய பெண்கள் 1951ஐ ஒட்டியும் அதற்கு முன்பும் பிறந்தவர்கள். அன்று கிடைக்காத பள்ளி இன்றைய சதவீதத்திலும் எதிரொலிக்கிறது. இன்றே எல்லாச் சிறுமிகளும் பள்ளிக்குப் போனாலும், மூத்த தலைமுறையின் இடைவெளி பல பத்தாண்டுகள் கணக்கில் இருக்கும். மேல்கோடு 100 என்ற கூரையை நெருங்கும்போது அதன் ஏற்றம் குறைவதும் இயல்பு. இடைவெளி சுருங்குவதில் ஒரு பகுதி அதனாலும் வருகிறது.

நீங்களே செய்து பார்க்கத் தமிழ்நாடு

தமிழ்நாட்டில் 2001இல் ஆண்களின் எழுத்தறிவு 82.4, பெண்களுடையது 64.4. 2011இல் 86.8, 73.4. இடைவெளி 18இலிருந்து 13.4க்கு இறங்கியது. ஆண்கள் 4.4 புள்ளி ஏறினார்கள். அதை 64.4ஆல் வகுத்தால், இடைவெளி அப்படியே நிற்கப் பெண்களுக்குத் தேவைப்பட்ட வளர்ச்சி 6.8 சதவீதம். வளர்ந்தது 14 சதவீதம். எழுத்தறிவில் ஆண்களின் மடங்கு 1.28இலிருந்து 1.18க்கு இறங்கியது. எழுத்தறியாமையிலோ 17.6க்கு 35.6 என்பது 13.2க்கு 26.6 ஆனது. முன்பும் இரண்டு மடங்கு, பின்பும் இரண்டு மடங்கு. இடைவெளி நன்றாகச் சுருங்கியும், எழுதப் படிக்கத் தெரியாத நிலை பெண்கள்மேல் விழும் விகிதம் அசையவே இல்லை.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இந்த வரைபடத்தின் கடைசிப் புள்ளி இன்னும் 2011இலேயே நிற்கிறது. அடுத்த கணக்கெடுப்பு வந்ததும் 'பெண்கள் எழுத்தறிவில் இத்தனை சதவீத வளர்ச்சி' என்ற தலைப்புகள் வரும். அந்த ஒற்றை எண்ணோடு நின்றுவிடாதீர்கள். இடைவெளி எத்தனை புள்ளி, அது சுருங்கத் தேவையான வேகம் எவ்வளவு, எழுத்தறியாமல் எஞ்சியவர்களில் பெண்கள் எத்தனை மடங்கு என்று மூன்றையும் கேளுங்கள். தேவையான எண்கள் நான்கே நான்கு, அவை வரைபடத்திலேயே இருக்கும்.